பழைய பல்புக்குள்ள ஒரு மழைத்துளி: 42 டிகிரியை அளந்து பாத்தன்

போன கிழமை பின்னேரம் மழை விட்டாப்போல உப்புவெளிக் கடற்கரையில நிண்டனான், முதுகுக்குப் பின்னால வெயில், முன்னுக்குக் கடலுக்கு மேல மழை இன்னும் இருட்டிக்கொண்டு நிக்குது, அதில முழுசா ஒரு வானவில். எங்களுக்குக் கடல் கிழக்க கிடக்கிறதால பின்னேர வானவில் கடல் பக்கம்தான் வரும். சூரியனுக்கு நேர் எதிர்ப் புள்ளியில இருந்து 42 டிகிரி தள்ளி சிவப்பு, 40இல ஊதா எண்டு படிச்சதுதான், ஆனா அதை என்ர கையாலயே அளந்து பாக்கோணும் போல இருந்திச்சு.

மழைத்துளிக்குப் பதிலா பழைய குண்டு பல்ப் ஒண்டு எடுத்தன். தெளிவான கண்ணாடியா இருக்கோணும், பால் நிறப் பல்ப் சரிவராது. குறடால அடியைக் கழட்டி உள்ளுக்குக் கிடந்த கம்பியை எடுத்து தண்ணி நிரப்பினன் (முதல் பல்ப் உடைஞ்சிட்டுது, கையில துணி சுத்திச் செய்யுங்கோ). மேற்கு ஜன்னலால வெயில் தாழ்ந்து வாற நேரம், வெள்ளை மட்டையில பல்பை விடக் கொஞ்சம் பெரிய ஓட்டை போட்டு, அதுக்கால வாற வெளிச்சத்தில பல்பைத் தூக்கிப் பிடிச்சா, வெளிச்சம் திரும்பி வந்து மட்டையில ஓட்டையைச் சுத்தி ஒரு நிற வளையமா விழுது, சிவப்பு வெளியில, ஊதா உள்ளுக்கு. கழுத்துப் பக்கம் வளையம் குழம்பும், அதால பக்கவாட்டிலதான் அளந்தன்.

பல்பின்ர நடுவில இருந்து மட்டைக்கு 20 செ.மீ., சிவப்பு ஓட்டையின்ர நடுவில இருந்து 21.5 செ.மீ. தள்ளி விழுந்திச்சு. 21.5ஐ 20ஆல பிரிச்சு, அது எந்தக் கோணத்தின்ர tan எண்டு கணக்குப் பாத்தா 47 டிகிரி! மட்டையை 40க்குத் தள்ளினா 39.5, அதாவது 45க்குக் கிட்ட. தூரத்தோட கோணம் மாறுதெண்டா அளவிலதான் பிழை. பிறகுதான் விளங்கிச்சு, வெளிச்சம் பல்பின்ர நடுவால வரேல்ல, விளிம்பால வருது, 6 செ.மீ. அகலப் பல்பில அந்த விலகல் பெரிசு, மழைத்துளி மில்லிமீற்றர் கணக்கு எண்டதால அங்க அது ஒண்டுமில்ல. அப்ப ரெண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தன்: 20 செ.மீ. தள்ள 18 செ.மீ. கூடுது, 18/20 = 0.9, அது 42 டிகிரி. அந்த நேரம் வந்த சந்தோசம் சொல்லேலாது.

பல்பின்ர இடது விளிம்பை விரலால மறைச்சா வளையத்தின்ர வலது பக்கம் அணையுது. அப்ப வெளிச்சம் ஒரு விளிம்பால உள்ளுக்குப் போய் வளைஞ்சு, பின்சுவரில பட்டுத் திரும்பி, மற்ற விளிம்பால திரும்பவும் வளைஞ்சு வெளியில வருது. ஊதா கூட வளையிறதால சிவப்பில இருந்து பிரியுது. விளிம்புக்குக் கிட்டப் படுற கதிர்கள் கனக்க 42க்குப் பக்கத்திலயே சேர்ந்து வாறதாலதான் அந்த இடம் மட்டும் இவ்வளவு பளிச்செண்டு தெரியுது.

கடைசியா மட்டையை எடுத்திட்டு, சிவப்பு விழுந்த இடத்தில கண்ணை வச்சு பல்பைப் பாத்தன். விளிம்பில ஒரு சிவப்புப் பொட்டு. தலையை மெல்ல உள்பக்கம் கொண்டுபோக அதே பொட்டு மஞ்சளாகி, பச்சையாகி, நீலமாகிப் போச்சு. ஒரு துளியில இருந்து ஒரு நேரத்தில கண்ணுக்கு வாறது ஒரு நிறம்தான். அண்டைக்குக் கடலுக்கு மேல சிவப்பை அனுப்பினது மேல நிண்ட துளிகள், ஊதாவை அனுப்பினது அதுக்குக் கீழ விழுந்துகொண்டிருந்த வேற துளிகள்.