ஜெனரேற்றர் டீசல் காசை 12 வீட்டுக்குப் பிரித்த அனுபவம்

முதல் நோட்டீஸை மாடிப்படிக்குக் கீழே, தண்ணி மோட்டர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பின்னேரம் வேலையால் வந்து பார்த்தால், யாரோ அதைக் கிழித்து நாலாக மடித்து என் வீட்டுக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டிருந்தார்கள். 2022 பங்குனியில் நடந்தது. இன்றைக்கும் அந்த மடிப்பு என் கண்ணுக்குள் நிற்கிறது.

மட்டக்களப்பு கல்லடியில் 12 வீடுகள் உள்ள நாலு மாடிக் கட்டடம் எங்களுடையது. கீழே 20 கேவிஏ ஜெனரேற்றர் ஒன்று. அதற்கு முன்பு கரண்ட் போனால் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம்தான் ஓடும். டீசல் காசை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, பராமரிப்புப் பணத்துக்குள் அடங்கிவிடும். மின்வெட்டு நாளுக்குப் பல மணித்தியாலமானதும் அந்தப் பழைய முறை உடைந்துபோனது. பங்குனி 31ஆம் தேதி அது பதின்மூன்று மணித்தியாலத்துக்கே போனது. குடியிருப்போர் குழுவில் பொருளாளர் நான். செலவை 12ஆல் பிரித்து ஒட்டினேன். கிழிந்து வந்தது அந்தத் தாள்தான்.

மூன்றாம் மாடி மாமி தனியாக இருப்பவர். மறுநாள் காலையில் படியிலேயே என்னை மறித்துக்கொண்டார். "எண்ட வீட்ட ரெண்டு லைற்றும் ஒரு ஃபேனும்தான் மகள் ஓடுது. பிரிட்ஜை நான் கழட்டி வச்சிற்றன். மேல் வீட்டுக்காரர் ரைஸ் குக்கர் போடுறதுக்கும் நான்தான் காசு குடுக்கிறதா?" அவர் சொன்னதில் பிழையே இல்லை. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

சரி, பாவித்த அளவுக்கே எடுப்போம் என்று ஜெனரேற்றர் போர்ட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போகிற லைனில் சின்ன மீற்றர் பூட்டினோம். கரண்ட் போர்ட் மீற்றர் இதற்கு உதவாது. எங்கள் கட்டடத்தில் ஜெனரேற்றர் ஓடும் நேரம் அது சுற்றாது. மீற்றர் வந்தால் சண்டை தீரும் என்று நம்பினேன். சண்டை இடம் மாறியதுதான் மிச்சம். இப்போது பிரிட்ஜ் வைத்திருக்கும் மூன்று குடும்பங்களும், "ராத்திரி எல்லாருக்கும் படிக்கட்டு லைற் எரிந்தது, எல்லாருக்கும் தண்ணி ஏறினது, முழுச் செலவையும் எங்கட தலையில கட்டுறியளா?" என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

இரண்டு பக்கமும் நியாயமாக இருப்பதற்குக் காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. 50 ஹேர்ட்ஸ் கரண்ட் தருவதற்கு இந்த வகை எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றியே ஆக வேண்டும். ஒரு பல்ப் எரிந்தாலும் அதே சுற்று, பன்னிரண்டு வீடும் எரிந்தாலும் அதே சுற்று. அந்தச் சுற்றுக்கு மட்டும் ஒரு அளவு டீசல் போகும். அதற்கு மேல் வீடுகள் இழுக்கிற கரண்டுக்குத் தனியாகப் போகும். ஆகவே செலவே இரண்டு துண்டு. ஒன்றைச் சமமாகப் பிரிக்க வேண்டும், மற்றதை மீற்றர்ப்படி எடுக்க வேண்டும். இதைத் தாளில் எழுதி ஒட்டினேன், ஒருவரும் நம்பவில்லை. "ஒருத்தரும் போடாட்டி ஏன் டீசல் முடியுது?" என்றே கேட்டார்கள்.

நம்ப வைத்தது ஒரு தண்ணீர்ப் போத்தல். ஒரு சனிக்கிழமை மாலை, கரண்ட் போன நேரத்தில், எல்லாரையும் கீழே கூப்பிட்டேன். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். டாங்கைக் கழுத்துவரை நிரப்பினோம். போர்ட்டில் பன்னிரண்டு பிரேக்கரையும், மோட்டர், படிக்கட்டு லைற் பிரேக்கரையும் எல்லார் கண் முன்னாலும் கீழே தட்டிவிட்டு, ஜெனரேற்றரை ஒரு மணித்தியாலம் சும்மா ஓடவிட்டோம். கட்டடம் முழுக்க இருட்டு, போன் டோர்ச் வெளிச்சத்தில் நின்றோம். பிறகு நிறுத்தி, ஒன்றரை லீற்றர் போத்தலில் டீசல் எடுத்து மெல்ல ஊற்றினேன். முழுப் போத்தலும் இறங்கியது. கழுத்து அடையாளத்துக்கு இன்னும் ஒரு விரல் குறைவாக இருந்தது. இரண்டாவது போத்தலிலிருந்து ஒரு கைப்பிடி அளவு விட வேண்டியிருந்தது.

அந்த நேரம்தான் படுவான்கரையில் வயல் வைத்திருக்கும் முதலாம் மாடி ஐயா வாய் திறந்தார். "உழவு மெசின் வரம்பில சும்மா நிண்டு அடிச்சாலும் எண்ணெய் குடிக்கும்தானே. இதும் அதுதான்." நான் இரண்டு கிழமையாகத் தாளில் எழுதியும் போய்ச் சேராததை அவர் ஒரே வாயில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாருக்கு விளங்கப்படுத்தினாலும் அவருடைய உழவு மெசினைத்தான் சொன்னேன்.

இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு மூன்று விஷயம். டாங்கின் நடுவில் குச்சி விட்டு அளக்காதீர்கள். டாங்க் அகலமானது, ஒன்றரை லீற்றர் குறைந்தாலும் குச்சியில் தெரியாது. ஒடுங்கிய கழுத்துவரை நிரப்பி, குறைந்ததைத் திரும்ப ஊற்றித்தான் அளக்க வேண்டும். டீசல் ஊற்றும்போது நுரை வரும். அது அடங்க ஐந்து நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் நிரம்பிவிட்டது போல் ஏமாற்றும். சுமை இல்லாமல் நெடுநேரம் ஓடவிடுவது டீசல் எஞ்சினுக்கு நல்லதல்ல, புகைக்குழாயில் கரி சேரும். சோதனைக்கு ஒரு மணித்தியாலம் போதும்.

டீசல் வாங்கப் போன கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. கேனில் டீசல் கொடுக்கக் கூடாது என்ற காலம் அது. முதல் நாள் ஓட்டோவில் மூன்று கேனோடு போய், ஐந்து மணித்தியாலம் வரிசையில் நின்று, பம்புக்கு முன்னால் வந்த பிறகு "கடிதம் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். வரிசையின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். கிராம சேவகரிடம் கடிதம் எடுத்துப் பிரதேச செயலகத்துக்குப் போனால், அங்கே மேசையில் இருந்தவர் ஜெனரேற்றரின் இலக்கத் தகடு போட்டோவும் வேண்டும் என்றார். அதை முதல் முறை கேட்டபோது சொல்லவில்லை. இன்னொரு நாள் போனது. நீங்கள் போவதானால் தகட்டின் படம், கட்டடத்து வீடுகளின் எண்ணிக்கை, குழுவின் கையெழுத்து மூன்றையும் முதலிலேயே கொண்டு போங்கள்.

டீசலுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள், தேதியோடு. அது இல்லாமல் நான் பட்ட அவமானத்தையும் சொல்கிறேன். பங்குனி 28 முதல் சித்திரை 27 வரையான கணக்கு அது. தொடங்கும்போதும் டாங்க் நிறைய, முடியும்போதும் டாங்க் நிறைய. இடையில் ஊற்றியது 210 லீற்றர், ஓடியது 80 மணித்தியாலம். சித்திரை 19ஆம் தேதி டீசல் லீற்றர் 176 ரூபாவிலிருந்து 289 ரூபாவுக்குப் போனது. நான் அவசரத்தில் 210 லீற்றரையும் 289ஆல் பெருக்கி 60,690 ரூபா என்று எழுதி ஒட்டிவிட்டேன். கீழ் வீட்டில் இருக்கும், தபால் கந்தோரில் பென்சன் எடுத்த ஐயா அதைப் பார்த்துவிட்டு, "மகள், 19க்கு முதல் வாங்கினதும் இதுக்குள்ள இருக்கெல்லோ?" என்றார். தேடிப் பார்த்தால் 110 லீற்றர் பழைய விலையில் வாங்கியது. பாதிக்கு ரசீது இல்லை, ஓட்டோக்காரரின் போனில் இருந்த படங்களை வைத்துத்தான் தேதியை உறுதி செய்தோம். சரியான தொகை 48,260 ரூபா. நான் 12,430 ரூபா கூட்டிக் கேட்டிருந்தேன். அன்றிரவே பன்னிரண்டு கதவையும் தட்டி, என் பிழை என்று நானே போய்ச் சொன்னேன். அதைச் செய்ததால்தான் அடுத்த தாளை வாசித்தார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தத் தாள் இப்படி வந்தது. ஒரு லீற்றருக்குச் சராசரி 230 ரூபா. 80 மணித்தியாலச் சும்மா ஓட்டத்துக்கு, மணிக்கு ஒன்றரை லீற்றர்படி 120 லீற்றர். தண்ணி மோட்டருக்கும் படிக்கட்டு லைற்றுக்கும் பொது மீற்றர் 40 யூனிட் காட்டியது, அதற்கு 10 லீற்றர். ஆக 130 லீற்றர் எல்லாருக்கும் பொது. வீட்டுக்கு ஏறத்தாழ 2,490 ரூபா. மிச்சம் 80 லீற்றர், வீடுகள் இழுத்த 320 யூனிட்டுக்கு. யூனிட்டுக்குக் கால் லீற்றர், 57 ரூபா 50 சதம்.

மாமியின் மீற்றர் 10 யூனிட். அவருக்கு 3,065 ரூபா. ஆகக் கூடுதலாக இழுத்த வீடு 60 யூனிட், 5,940 ரூபா. சமமாகப் பிரித்திருந்தால் இருவருக்கும் 4,025 ரூபா. மீற்றர்ப்படி மட்டும் எடுத்திருந்தால் மாமிக்கு 1,510, அந்த வீட்டுக்கு 9,050 ரூபாவுக்கும் மேல். மூன்று கணக்கையும் பக்கம் பக்கமாக எழுதி ஒட்டினேன். தங்களுக்கு வேண்டிய முறை அடுத்தவருக்கு என்ன செய்கிறது என்று அப்போதுதான் அவரவர் பார்த்தார்கள். மாமி தாளைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்று, "ஓம், மோட்டர்த் தண்ணி நானும் குடிக்கிறன்தானே" என்றார்.

யூனிட்டுக்குக் கால் லீற்றர் என்பதைக் கண் வைத்துப் பாருங்கள். மீற்றர் பூட்டிய முதல் கிழமை எங்களுக்கு அது இதைவிடக் கூடுதலாக வந்தது. டீசல் களவு போகிறது என்றுகூட ஒருவர் சொன்னார். எலக்ட்ரீசியன் வந்து பார்த்தால், தண்ணி மோட்டர் வயர் பொது மீற்றருக்கு முன்னாலேயே பிரிந்து போயிருந்தது. மோட்டர் இழுத்தது ஒரு மீற்றரிலும் விழவில்லை. சரிசெய்ததும் அளவு இறங்கியது. இந்த எண் திடீரென்று ஏறினால் முதலில் வயரைப் பாருங்கள், ஆட்களைச் சந்தேகிப்பது பிறகு.

பூட்டிக் கிடந்த ஒரு வீட்டோடும் இழுபறி. உரிமையாளர் கட்டாரில். "வீட்டில் ஒருத்தரும் இல்லை, நான் ஒரு சதமும் தரமாட்டன்" என்று குரல் பதிவு அனுப்பினார். அவருடைய மீற்றர் 14 யூனிட் காட்டியது. படம் எடுத்து அனுப்பினேன். ஏறாவூரில் இருக்கும் அவருடைய அம்மா திறப்போடு வந்து பார்த்தால், பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு போத்தல் தண்ணீர் மட்டும். அந்த மாதக் காசை அவர் மறுபேச்சில்லாமல் அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு விதி எழுதினோம்: மாதம் முழுக்க வீட்டுப் பிரேக்கரை இறக்கிச் சீல் வைத்தால் பொதுப் பங்கு இல்லை, ஒரு நாள் ஏற்றினாலும் முழுப் பங்கு.

இன்னொரு விதியும் அந்தச் சும்மா ஓட்டத்தால் வந்தது. ஒரு வீட்டில் விசேஷம், இன்னும் இரண்டு மணித்தியாலம் ஓட விடுங்கள் என்று கேட்டால், அந்த இரண்டு மணித்தியாலத்துச் சும்மா ஓட்ட டீசல் மூன்று லீற்றரும் கேட்டவர் கணக்கில். இதைச் சொன்ன நாளிலிருந்து அப்படிக் கேட்பது குறைந்துவிட்டது.

வைகாசி 24ஆம் தேதி டீசல் 400 ரூபாவானது. விலை வரியை மட்டும் மாற்றி, இரண்டு ரசீதின் படத்தையும் கீழே வைத்து, அதே இடத்தில் ஒட்டினேன். தாள் மாதம் முடியும்வரை கிழியாமல் இருந்தது. மாமியின் மீற்றர் அந்த மாதம் 8 யூனிட்.