அக்காவின் முகம்

மார்ச் 3

அக்காவின் படத்தைத் திறந்தேன். "இருபது வயசு ஆக்கிடாதே, நான் நானா இருக்கணும்" என்றுதான் சொல்லியிருக்கிறாள். தாடையில் இருந்த இரண்டு பருக்களையும் கன்னத்துக் கீறலையும் முதலில் எடுத்தேன். இரண்டு வாரத்தில் தானாகப் போகிற விஷயங்கள் இவை, அவளை நினைக்கும்போது யாருக்கும் ஞாபகம் வராதவை. மூலப் படத்தின் மேல் எதையும் செய்யவில்லை. மேலே ஒரு காலி லேயர் வைத்து, ஹீலிங் பிரஷை அதில் மட்டும் ஓட்டினேன். மனசு மாறினால் லேயரை அணைத்தால் போதும்.

மார்ச் 4

மச்சத்தைத் தொடவில்லை.

மார்ச் 6

இன்று புள்ளிகள். மூக்கின் மேட்டிலிருந்து இரு கன்னத்துக்கும் தூவி விட்டதுபோல இருக்கும். கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். 200 சதவீத ஜூமில் உட்கார்ந்து சின்னப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். இரண்டு மணி நேரம். அப்புறம் முழு முகத்தையும் பார்த்தால், மிச்சமிருந்த ஏழெட்டு பெரிய புள்ளிகள் மை தெறித்த மாதிரி இருந்தன. சின்னவை சுற்றி இருந்ததால்தான் பெரியவை முகத்தோடு ஒட்டியிருந்திருக்கின்றன. எடுத்த இடங்களில் தோலின் துளைகளும் மழுங்கி, திட்டுத் திட்டாக வழவழத்தது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு, புதிய லேயரில் பெரியது சிறியது பார்க்காமல் அத்தனையையும் எடுத்து, அடியிலிருக்கும் படம் அதன் வழியே தெரியும்படி அந்த லேயரின் ஒபாசிட்டியை 40 சதவீதத்துக்கு இறக்கினேன். ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே அளவில் வெளுத்தன. இப்போது அவள்தான்.

மார்ச் 7

சாயங்காலம் வரை போன் வரவில்லை.

மார்ச் 9

சிரிப்புக் கோடுகளோடு நாள் முழுவதும் போனது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோட்டை முழுதாக எடுத்துப் பார்த்தேன். கன்னம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் உதட்டுக்குள் வழிந்து, பல் பிடுங்கிய மறுநாள் வீக்கம் போல ஆகிவிட்டது. கண்ணோரத்தில் இன்னும் மோசம். அவள் சிரிக்கும்போது கண் இடுங்கும். கண் இடுங்கியிருக்க ஓரத்தில் சுருக்கம் இல்லையென்றால், கட்டாயத்துக்குச் சிரிக்கிறவள் மாதிரி தெரிகிறாள்.

கோடு வேறு, அதில் விழும் நிழல் வேறு. ஆழமாகத் தெரிவது நிழலால்தான். கோட்டை அப்படியே விட்டு, நிழலை மட்டும் மெல்லிய பிரஷால் பத்துப் பதினைந்து முறை தடவித் தடவி வெளிச்சமாக்கினேன். பாதி நிழலில் நிறுத்தினேன். இடப்பக்கக் கோடு வலப்பக்கத்தைவிட ஆழம். அவள் எப்போதும் இடப்பக்கமாகத்தான் சிரிப்பாள். இரண்டையும் சமமாக்கியபோது யாரோ சொந்தக்காரப் பெண் மாதிரி ஆனாள். அந்த வித்தியாசம் இருக்கட்டும்.

மார்ச் 10

படத்தைப் பார்த்ததும் அக்கா, "மச்சம் தப்பான பக்கத்துல இருக்கே" என்றாள். இத்தனை வருடமும் அவள் கண்ணாடியில்தான் தன்னைப் பார்த்திருக்கிறாள். இடவலம் திருப்பிக் காட்டினேன். "இதுதான் நான்." அம்மாவுக்கு அதே படம் பிடிக்கவில்லை. "என்னமோ மாதிரி இருக்கா."

திருப்பாமல்தான் வைக்கப் போகிறேன். பார்க்கப் போகிறவர்கள் நாங்கள்.

மார்ச் 12

"மச்சத்தையும் எடுத்துடேன். பார்த்தாலே பயமா இருக்கு" என்றாள் அக்கா.

நகல் ஒன்றில் எடுத்தேன். எடுக்கும்போது முதல்முறையாக அதைக் கிட்டே பார்த்தேன். ஒரு ஓரம் கறுப்பு, இன்னொரு ஓரம் பழுப்பு, விளிம்பு நொறுங்கினதுபோல். இரண்டு வருடம் முன்பு செய்த அவள் படத்தைத் தேடி எடுத்தேன். அதில் மச்சம் அழகான வட்டம்.

அந்த வட்டத்தைப் போட்டவன் நான்.

அன்று விளிம்பு பிசிறாக இருக்கிறதே என்று நானே சரிசெய்திருக்கிறேன். லேயரை அணைத்தேன். அடியில், அப்போதே, ஒரு பக்கம் வெளியே நீண்டிருந்தது. ஆறு வருடம் முந்தைய படத்தில் நான் எதையும் தொடவில்லை. அதில் உண்மையாகவே வட்டம், ஒரே நிறம். மூன்றையும் ரீடச் இல்லாமல் டாக்டருக்கு அனுப்பினேன். தூங்கவில்லை.

மார்ச் 13

நான் வட்டமாக்கியதை அக்காவிடம் சொன்னேன். "நானும்தான் தினம் கண்ணாடியில பார்த்தேன்" என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

மார்ச் 14

டாக்டர் பேனாவால் மச்சத்தைச் சுற்றி வரைந்தார். வட்டமாக இல்லை, இரு முனையும் கூர்ந்து, கண் வடிவத்தில், சிரிப்புக் கோட்டின் போக்கிலேயே. அப்படி வெட்டினால் தையல் தழும்பு அந்தக் கோட்டுக்குள் அடங்குமாம்.

வீட்டுக்கு வந்து இடப்பக்க நிழலில் நான் வெளுத்ததைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 16

எடுத்தாகிவிட்டது. கன்னத்தில் பிளாஸ்திரி. சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 19

பிரிண்டுக்கு அனுப்ப வேண்டிய படத்தில் மச்சம் இருக்கிறது. விளிம்பு, இரண்டு நிறம், எதையும் தொடவில்லை. படம் எடுத்த அன்று அவள் முகம் அதுதான். அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை. ரிசல்ட் வரட்டும் என்று