வி.பி.எஸ் முடிந்ததும் பிள்ளையை யார் கையில் கொடுப்பது: நாங்கள் செய்து பார்த்த சீட்டு முறை

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியான வி.பி.எஸ்ஸுக்கு எங்கள் சபைக்குச் சுமார் 180 பிள்ளைகள் வருவார்கள். அதில் பாதிப் பேர் சபைக் குடும்பங்களே இல்லை. அக்கம்பக்கத்துத் தெருப் பிள்ளைகள், பள்ளித் தோழிகளோடு வரும் பிள்ளைகள், விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகள். பிகினர்ஸ் வகுப்பில் நாலு வயதுக் குழந்தைகள் இருப்பார்கள். பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். அதில் யார் யாருக்கு அப்பா, யார் சித்தப்பா என்று எந்த டீச்சருக்கும் தெரியாது. "பிள்ளையே ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்குது, அப்புறம் என்ன?" என்பதுதான் பல வருஷமாக எங்கள் சோதனையாக இருந்தது. பிள்ளைக்குத் தெரிந்தவர் என்பதும் வீட்டார் அனுப்பியவர் என்பதும் ஒன்றல்ல. அதனால் காலையில் பிள்ளையை விடும்போதே ஒரு சீட்டு கொடுத்து, அந்தச் சீட்டு திரும்பி வந்தால்தான் பிள்ளையை அனுப்புவது என்று முடிவெடுத்தோம். பதிவு மேசை என் பொறுப்பில் வந்தது.

வெளிநாட்டுச் சபைகளில் இதற்கென்றே மென்பொருளும் லேபிள் பிரிண்டரும் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரு லேப்டாப், சபை அலுவலகத்து பிரிண்டர், ஏ4 ஸ்டிக்கர் தாள். அது போதுமானதாகவே இருந்தது. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், எல்லாவற்றையும் முந்தின இரவே அச்சடித்து வைப்பதுதான் நிம்மதி.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஸ்டிக்கர், ஒரு சீட்டு. ஸ்டிக்கரில் பிள்ளையின் பெயர், வகுப்பு, நாலெழுத்துக் குறியீடு. சீட்டில் தேதியும் அதே குறியீடும் மட்டும்தான், பெயர் கிடையாது. இதை வேண்டுமென்றே செய்தோம். சீட்டு வழியில் விழுந்து யாரோ எடுத்தால், அது எந்தப் பிள்ளைக்கு உரியது என்று அவருக்குத் தெரியக் கூடாது. ஸ்டிக்கரை நெஞ்சில் ஒட்டாமல் முதுகில், தோளுக்குக் கீழே ஒட்டினோம். அங்கே பிள்ளையின் கை எட்டாது. எதிரே வரும் அறியாத ஆள் பெயரைப் படித்துவிட்டு, "வா கண்ணு" என்று பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது.

குறியீட்டுக்கு 41, 42, 43 என்று வரிசை எண் போட்டால் என்ன என்று முதலில் பேச்சு வந்தது. கையில் 41 வைத்திருப்பவருக்கு 42 இருக்கிறது என்று தெரிந்துவிடும், அதனால் வேண்டாம் என்று விட்டோம். எழுத்தும் எண்ணும் கலந்து, தினமும் புதிதாக, ஒழுங்கில்லாமல் வர வேண்டும். ஆனால் எல்லா எழுத்தும் சரிப்படாது. சைபரும் O-வும், 1-ம் I-யும், 5-ம் S-ம், 8-ம் B-யும் அவசரத்தில் ஒன்றுபோலவே தெரியும். உயிரெழுத்துகளை விட்டால் தற்செயலாக அசிங்கமான சொல் எதுவும் அமையாது. எம், என் இரண்டும் காதில் ஒன்றாக விழும் என்பதால் N-ஐயும் எடுத்தோம். இப்படிக் குழப்பும் இன்னும் சிலவற்றையும் விட்டபின், எழுத்தும் எண்ணுமாகக் கடைசியில் நின்றது 19. கூகுள் ஷீட்டில் H1 கட்டத்தில் CDFHJKMPRTVWXY34679 என்று போட்டுவிட்டு, பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் இந்த வரி:

```
=MID($H$1,RANDBETWEEN(1,19),1)&MID($H$1,RANDBETWEEN(1,19),1)&MID($H$1,RANDBETWEEN(1,19),1)&MID($H$1,RANDBETWEEN(1,19),1)
```

K7MD மாதிரி ஒன்று வரும். இதில் கவனிக்க வேண்டியது, ஷீட்டில் எங்கே எதைத் தொட்டாலும் எல்லாக் குறியீடும் மாறிவிடும். ஸ்டிக்கரை அச்சடித்த பிறகு மாறினால், பிள்ளை முதுகில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று என்றாகிவிடும். ஆகவே வந்ததும் மொத்தத்தையும் நகலெடுத்து, Ctrl+Shift+V அழுத்தி வெறும் மதிப்பாக ஒட்டிவிட வேண்டும். அச்சடிப்பது அதற்கப்புறம்தான். நாலெழுத்தில் 1,30,321 குறியீடுகள் அமையும் என்றாலும், 180 பிள்ளைகளுக்குள் இரண்டு ஒன்றாக வருவது நினைப்பதைவிட எளிது, எட்டொன்பது நாளில் ஒரு நாள் எதிர்பார்க்கலாம். COUNTIF போட்டு, 1-க்கு மேல் வருவதைத் தேடி மாற்றிவிடுவோம்.

காலையில் இந்த ஸ்டிக்கர் தாள் இன்னொரு வேலையும் செய்தது. பிள்ளை வர வர ஸ்டிக்கர் உரிந்து போகும். பிரேயர் முடியும்போது தாளில் மிச்சம் நிற்பவை அன்றைக்கு வராத பிள்ளைகள். தனியாக ஹாஜர் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மே மாத வெயிலில் ஸ்டிக்கர் நிற்காது என்பது உண்மை. வியர்வையில் உரியும், ஆக்‌ஷன் சாங் முடிவதற்குள் பாதி தரையில் கிடக்கும். பிகினர்ஸ் வகுப்பில் இரண்டு வாண்டுகள் ஸ்டிக்கரை உரித்து மாற்றி ஒட்டிக்கொண்டு விளையாடின. இதனால்தான் ஸ்டிக்கரை நம்பி அனுப்பக் கூடாது. ஒவ்வொரு வகுப்புக்கும் பெயரும் குறியீடும் உள்ள ஒரு தாள் டீச்சர் கையில் இருக்கும், அதுவே கடைசி வார்த்தை. சீட்டு, ஸ்டிக்கர், தாள் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் நேரத்துக்கு நாங்கள் செய்த பெரிய மாற்றம், பிள்ளைகளை எழுப்பாமல் இருந்ததுதான். பிகினர்ஸ் மட்டும் பன்னிரண்டேகாலுக்கே, மற்ற வகுப்புகள் அப்புறம் ஒவ்வொன்றாக. பெற்றோர் கதவுக்கு வெளியே, பிள்ளை உள்ளே பாயில். கதவில் நிற்பவர் வகுப்பு எடுக்காத ஒரு வாலண்டியர். அவர் சீட்டை வாங்கி டீச்சரிடம் கொடுப்பார், டீச்சர் தாளோடு ஒப்பிட்டுவிட்டுப் பிள்ளையை எழுப்புவார். குறியீட்டைச் சத்தமாகப் படிக்கக் கூடாது, கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும் அடுத்தவர் காதில் விழ வேண்டிய விஷயம் இல்லை அது.

அண்ணன் தம்பிக்குச் சேர்த்து ஒரே சீட்டு கேட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே சீட்டென்றால் முதல் வகுப்பில் கொடுத்துவிட்டு, அடுத்த வகுப்பில் கையை விரிப்பார்கள். பிள்ளைக்கு ஒரு சீட்டு என்றால் கணக்கு நேராக நிற்கும்: காலையில் போன ஸ்டிக்கர் எத்தனையோ, மதியம் வந்த சீட்டும் அத்தனை. சீட்டை வாங்கியதும் டீச்சர் அதைத் தாளில் அந்தப் பெயருக்கு நேரே ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுவார். பின் இல்லாத வரி இருந்தால், அந்தப் பிள்ளை எங்கே என்று உடனே தேட வேண்டும்.

சீட்டைத் தொலைத்தவர்களை அந்த வரிசையிலேயே விசாரித்தால் பின்னால் இருப்பவர்கள் பொறுமை இழப்பார்கள், "தெரிஞ்சவங்கதானே, விடுங்க" என்று நாலு குரல் வரும், வாலண்டியர் தளர்ந்துவிடுவார். அதனால் அவர்களை என் மேசைக்கு அனுப்பிவிடுவோம். அங்கே பதிவுப் படிவம் இருக்கும். அதில் பிள்ளையை அழைத்துப் போகக்கூடிய மூன்று பேர் வரை பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கியிருப்போம். வந்தவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பார்ப்போம், நகல் வாங்க மாட்டோம். பிறகு படிவத்தில் உள்ள நம்பருக்கு நான் போன் போடுவேன். அம்மாவே வந்திருந்தால் அவர் பையில் போன் அடிக்கும், கேட்கவே நிம்மதியாக இருக்கும். வாட்ஸப்பில் சீட்டின் படத்தை அனுப்பி ஆளை அனுப்புகிறவர்களுக்கும் இதே வழிதான். படம் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் போகும், காகிதம் ஒருவர் கையில்தான் இருக்கும்.

எங்களை உண்மையில் சோதித்தது ஆட்டோ. ஒரே தெருவிலிருந்து ஆறு பிள்ளைகள் ஒரு ஷேர் ஆட்டோவில் வருவார்கள். ஆட்டோ அண்ணனின் பெயர் ஆறு படிவத்திலும் இருந்தது. காலையில் அவரே விட்டுவிட்டு ஆறு சீட்டையும் வாங்கிக்கொண்டு போவார். ஒரு நாள் மதியம் வேறு ஒருவர் வந்தார், கையில் ஆறு சீட்டு. ஆறும் சரியாக ஒத்துப்போனது. "மச்சானுக்குக் காய்ச்சல், வண்டிய நான்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றார். பிள்ளைகளில் இரண்டு பேர் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள்.

கதவில் நின்ற தங்கச்சி சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்காமல் அவரை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் செய்தது மிகச் சரி. காலையில் போன காகிதம் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவைத்தான் சீட்டு சொல்லும். அதைக் கொண்டு வந்தவரை வீட்டார் ஒத்துக்கொண்டார்களா என்பதைப் படிவம்தான் சொல்ல வேண்டும், அதில் இவர் பெயர் இல்லை. அவர் மச்சானுக்குப் போன் போட்டுத் தருகிறேன் என்று தன் போனை நீட்டினார். நான் வாங்கவில்லை. ஆட்டோ அண்ணன் சரி என்று சொன்னாலும், தன் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றிவிடும் உரிமை அவருக்குக் கிடையாது. படிவத்தில் இருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசினேன். ஐந்து வீட்டில் "ஆமாக்கா, தெரியும், அனுப்புங்க" என்றார்கள். எந்த நம்பரில் யார் சொன்னார்கள் என்று படிவத்திலேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, ஐந்து பிள்ளைகளை அனுப்பினோம். ஆறாவது வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அந்தப் பாப்பாவை வைத்துக்கொண்டோம்.

அவருக்குக் கோபம்தான். "என்னைப் பார்த்தா பிள்ளை பிடிக்கிறவன் மாதிரியா தெரியுது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, நல்ல மனிதர்தான். "உங்க மேல சந்தேகம் இல்லண்ணே, யார் வந்தாலும் இதேதான்" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினோம். பாப்பாவின் அம்மா ஜவுளிக் கடை வேலையிலிருந்து போனைப் பார்த்துவிட்டு ஒன்றரை மணிக்குமேல் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அன்றைக்கு வண்டி ஓட்டி வந்தவரை அவருக்குத் தெரியவே தெரியாது.

தாய் தகப்பன் பிரிந்திருக்கும் வீடுகளில் இது இன்னும் சிக்கல். யாருக்கு உரிமை என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் கோர்ட் இல்லை. யார் அழைத்துப் போகக் கூடாது என்று வீட்டார் சொன்னால் அதைப் படிவத்தில் குறித்துக்கொள்வோம், கோர்ட் உத்தரவு இருந்தால் பார்ப்போம். வகுப்புத் தாளில் அந்தப் பெயருக்கு ஒரு புள்ளி மட்டும் இருக்கும். புள்ளி இருந்தால் சீட்டு சரியாக இருந்தாலும் மேசை வழியாகத்தான் போக வேண்டும், காரணம் டீச்சருக்குத் தெரிய வேண்டியதில்லை. தகராறானால் பாஸ்டரைக் கூப்பிடுவது, அதற்கும் அடங்காவிட்டால் போலீஸ். யாருமே வராமல் ஒரு பிள்ளை நின்றுபோனால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்க வேண்டும் என்று மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அதற்கு இதுவரை அவசியம் வரவில்லை.

இந்த வருஷப் படிவத்தில் ஒரு வரி கூட்டியிருக்கிறோம்: வண்டியில் வரும் பிள்ளையானால், ஓட்டுபவர் மாறும் நாளில் பெற்றோர் காலை பதினொன்றுக்குள் மேசை நம்பருக்குப் பேச வேண்டும். ஆட்டோ அண்ணனிடம் அதைக் காட்டியபோது, தன் மச்சான் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அந்தந்த வீட்டில் கேட்டுத்தான் சேர்த்தோம். நாலு வீட்டில் சரி என்றார்கள், இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள்.