நண்பர்கள் இருவரின் கூட்டாண்மைக் கடிதம்: 13ஆம் பிரிவிலிருந்து தொடங்குங்கள்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணக்குப்பதிவியலில் ‘ஒப்பாவணம் இல்லாதபோது பொருந்தும் விதிகள்’ என்று ஒரு பகுதி வரும். ஒப்பாவணம் என்பது கூட்டாளிகள் எழுதிக்கொள்ளும் கூட்டாண்மைக் கடிதம்தான். பெரும்பாலோர் அதை இரண்டு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்வார்கள். நான் பி.காம். படிக்கும்போது என் நண்பர்கள் இருவர் மாவு வியாபாரம் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஒப்பந்தக் கடிதம் எழுத உதவியபோதுதான் அந்தச் சிறிய பகுதியே பாடத்தின் மையம் என்பது எனக்குப் புரிந்தது. கடிதத்தில் எதை எழுதாமல் விடுகிறோமோ, அந்த இடத்தை 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தன் விதியால் நிரப்பிவிடும். ஆகவே முதலில் சட்டத்தின் விதியைப் பாருங்கள். அது உங்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதமில்லாத இடத்தில் மட்டும் உங்கள் விதியை எழுதுங்கள். கடிதம் எழுதவும் தேர்வுக்குப் படிக்கவும் எனக்கு இந்த ஒரே வழிதான் உதவியது.

அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்வது இதுதான். தொழிலில் உழைத்ததற்காகக் கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. லாபமும் நட்டமும் சரிபாதி. முதல் மீதான வட்டிக்கு ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் லாபத்திலிருந்துதான் அதைத் தரமுடியும். முதலுக்கு மேல் கூட்டாளி கடனாகத் தந்த பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி உண்டு.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். பாடநூல் வழக்கப்படி கண்ணன், பாலு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கண்ணன் 3,00,000 ரூபாய் முதல் போடுகிறார். அவருக்கு வேறு வேலை இருக்கிறது. பாலு 1,00,000 ரூபாய் முதலோடு வந்து, நாள் முழுவதும் கடையில் நிற்கிறார். நிதியாண்டின் நடுவில், அக்டோபர் 1 அன்று, கண்ணன் மேலும் 1,00,000 ரூபாயைக் கடனாகத் தருகிறார். இவற்றையெல்லாம் கழிப்பதற்கு முன் ஆண்டு லாபம் 3,60,000 ரூபாய்.

கடிதம் இல்லையென்றால், கடனுக்கு 6 சதவீதத்தில் ஆறு மாத வட்டி 3,000 ரூபாய். மீதி 3,57,000 ரூபாயில் ஆளுக்கு 1,78,500. நாள்தோறும் விடியற்காலையில் மாவு அரைத்த பாலுவுக்கும் அதே தொகை. மூன்று மடங்கு முதல் போட்ட கண்ணனுக்கும் அதே தொகை. இருவருமே தமக்கு அநியாயம் நடந்ததாக நினைப்பார்கள், இருவர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது.

கடிதத்தில், பாலுவுக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம், முதல் மீது 8 சதவீதம் வட்டி, கடன் மீது 10 சதவீதம் வட்டி, மீதி லாபம் சரிபாதி என்று எழுதியிருந்தால் கணக்கு மாறுகிறது. கடன் வட்டி 5,000, சம்பளம் 1,44,000, முதல் மீதான வட்டி கண்ணனுக்கு 24,000, பாலுவுக்கு 8,000. மீதி 1,79,000 ரூபாயில் ஆளுக்கு 89,500. எல்லாம் சேர்த்துப் பாலுவுக்கு 2,41,500, கண்ணனுக்கு 1,18,500. கடிதம் இல்லாதபோது கிடைப்பதைவிடப் பாலுவுக்கு 63,000 ரூபாய் கூடுகிறது. கண்ணனுக்கு அதே தொகை குறைகிறது. கையெழுத்திடும் முன் இந்தக் கணக்கை இருவரும் சேர்ந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். சதவீதமாகக் கேட்கும்போது தலையாட்டும் ஒருவர், ரூபாயாகப் பார்த்த பிறகு லாப விகிதத்தை மாற்றலாமா என்று கேட்கக்கூடும். அதை அப்போதே கேட்பதுதான் நல்லது.

தேர்வெழுதுவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடன் மீதான வட்டி, தொழிலின் செலவு. அது லாபநட்டக் கணக்கிலேயே போய்விடும்; நட்டமானாலும் தரவேண்டியது. சம்பளமும் முதல் மீதான வட்டியும் லாபத்தைப் பங்கிடுவதில் சேர்ந்தவை. அவை லாபநட்டப் பகிர்வுக் கணக்கில் வரும். ‘ஒப்பாவணம் இல்லை, ஆனால் ஒரு கூட்டாளி கடனுக்கு 12 சதவீதம் கேட்கிறார்’ என்று வினா வந்தால், விடை 6 சதவீதம்தான். கடன் தந்த தேதியிலிருந்து மாதங்களை எண்ணவும் மறக்காதீர்கள்.

அடுத்து, லாபம் குறைந்த ஆண்டு. லாபம் 1,20,000 ரூபாய்தான் என்றால், கடன் வட்டி போக 1,15,000 மிஞ்சும். சம்பளம் மட்டுமே 1,44,000 ஆயிற்றே! முதல் வரைவுகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த இடம்தான். நண்பர்களின் கடிதத்தில் நாங்கள் இப்படி எழுதினோம்:

“லாபம் போதாத ஆண்டில், இருக்கும் லாபம் முதலில் சம்பளத்துக்கும், மீதியிருந்தால் முதல் மீதான வட்டிக்கும் செல்லும். குறைந்த தொகை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படாது.”

பாலு மாதாமாதம் 12,000 எடுத்திருந்தால், லாபத்துக்கு மேற்பட்ட 29,000 ரூபாய் அவர் சொந்தத்துக்கு எடுத்த எடுப்பாகக் கருதப்பட்டு அவருடைய முதல் தொகையிலிருந்து கழியும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

பொருளாக வரும் முதலுக்கும் தனி வரி வேண்டும். பாலுவின் ஒரு லட்சத்தில் 60,000 ரொக்கம், 40,000 அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிறுவனத்தின் சொத்தா, பாலு இரவல் தந்ததா? “கிரைண்டர் 40,000 ரூபாய் மதிப்பில் பாலுவின் முதலாக ஏற்கப்பட்டது, இனி அது நிறுவனத்தின் சொத்து” என்று எழுதினால், பிரியும்போது அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பிரிவதைப் பற்றி எழுத நண்பர்கள் கூச்சப்படுவார்கள். ஆனால் கால வரையறையும் முடிக்கும் முறையும் எழுதாத கூட்டாண்மையை, 43ஆம் பிரிவின்படி ஒரு கூட்டாளி எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்தே கலைத்துவிடலாம். அதனால் நாங்கள் இப்படி எழுதினோம்:

“விலக விரும்புபவர் மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தின் கடைசியில் சொத்தும் கடனும் கணக்கிடப்படும். தொழிலைத் தொடர விரும்புபவர், மற்றவரின் பங்கை ஆறு மாதத் தவணையில் தந்து, கடையின் பெயரையும் வைத்துக்கொள்ளலாம்.”

இருவர் மட்டுமே உள்ள கூட்டாண்மையில் ஒருவர் விலகினால் கூட்டாண்மை முடிந்துவிடும்; மற்றவர் அதைத் தனிநபர் தொழிலாகத்தான் நடத்த முடியும். வங்கிக் கணக்கு, உரிமங்கள் எல்லாவற்றையும் மாற்ற நேரம் வேண்டும் என்பதால்தான் மூன்று மாதம்.

கடிதத்தால் முடியாத காரியமும் ஒன்று உண்டு. “நட்டம் முழுவதும் கண்ணனையே சேரும்” என்று எழுதினால் அது இருவருக்கும் இடையில் செல்லும். அரிசி மண்டிக்காரரை அது கட்டுப்படுத்தாது. 25ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் பாக்கி முழுவதையும் அவர் பாலுவிடமே கேட்கலாம். பாலு கொடுத்துவிட்டுப் பிறகு கண்ணனிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எனவே ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் கடனாகச் சரக்கு வாங்கவோ, காசோலை தரவோ இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று எழுதி, வங்கியிலும் அப்படியே பதிவு செய்யுங்கள்.

வாய்மொழிக் கூட்டாண்மையும் சட்டப்படி செல்லும், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் 69ஆம் பிரிவின்படி, பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. கூட்டாளியும் ஒப்பந்த உரிமைக்காக நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியாது. கலைக்கவும், கலைத்தபின் கணக்குக் கேட்கவும் மட்டும் வழி இருக்கிறது. ஹோட்டல்களுக்கு மாவைக் கடனுக்குக் கொடுப்பவர்கள் இதற்காகவே பதிவு செய்துகொள்வது நல்லது.

வெள்ளைத்தாளில் எழுதி ஒத்துக்கொண்ட வரைவை, கூட்டாண்மைக்கு உரிய மதிப்புள்ள முத்திரைத்தாளில் தட்டச்சு செய்யுங்கள். முத்திரைக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வாங்கும் நாளில் பதிவுத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். தொழில் தொடங்கும் தேதி, நிதியாண்டு, கணக்குப் புத்தகம் இருக்கும் இடம் ஆகியவற்றையும் சேர்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு, சாட்சிகள் இருவரின் கையெழுத்தையும் வாங்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.