மின்னஞ்சல் கையொப்பத்தை ஐந்து வரிக்குள் கொண்டுவந்த அனுபவம்

ஏற்றுமதி ஆவணப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தபோது, நிறுவனம் முழுவதற்கும் பொதுவான ஒரு கையொப்ப வார்ப்பைக் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மேலே வண்ண லோகோ. அதன் கீழே பெயர், பதவி, மூன்று தொலைபேசி எண்கள், ஃபேக்ஸ் எண், முழு முகவரி, சமூக வலைதளச் சின்னங்கள். பிறகு வெற்றியைப் பற்றிய ஒரு பொன்மொழி, காகிதத்தைச் சேமிக்கச் சொல்லும் பச்சை நிற வரி, கடைசியில் பொடி எழுத்தில் நீண்ட டிஸ்கிளைமர். நான் எழுதும் அஞ்சல்கள் பெரும்பாலும் மூன்று வரிதான்: “ஆவணங்கள் இணைப்பில் உள்ளன. சரிபார்த்துச் சொல்லுங்கள். திருத்தம் இருந்தால் இன்றே தெரிவியுங்கள்.” அதற்குக் கீழே இந்த மொத்த வார்ப்பும் ஒரு திரை நீளத்துக்கு நிற்கும்.

இதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு சுங்க முகவரின் அழைப்பில் உறுதியானது. வாடிக்கையாளருக்கு நான் அனுப்பிய அஞ்சலை அவர் இந்த முகவருக்கு ஃபார்வர்டு செய்திருந்தார். முகவர் கைபேசியில் பார்த்து, முதலில் கண்ணில் பட்ட எண்ணை அழைத்திருக்கிறார். அது வரவேற்பறை எண். அங்கிருந்து விற்பனைப் பிரிவுக்குப் போய், சுற்றி வந்து கடைசியில் என்னிடம் சேர்ந்தார். “பில் ஆஃப் லேடிங்கில் எடை தப்பா இருக்கு மேடம். நீங்கதான் அதைப் பார்க்கறவங்களா? உங்க பதவியைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் புரியலை” என்றார். அவர் கேட்டது நியாயம். என் பதவி அந்த வார்ப்பில் “உதவி மேலாளர் – நிலை 2, செயல்பாடுகள்” என்றிருந்தது.

கையொப்பம் யாருக்காக என்பது எனக்கு அப்போதுதான் தெளிவானது. நேரடியாக அஞ்சல் பெறுபவருக்கு என்னைத் தெரியும். அவரிடம் என் எண் இருக்கும். அஞ்சல் கைமாறி மூன்றாவது ஒருவரிடம் போகும்போது, “இவர் யார், இதற்குப் பொறுப்பா, எப்படிப் பிடிப்பது” என்று அவர் தேடும் இடம் கையொப்பம். ஒவ்வொரு வரியையும் அந்த மூன்றாவது ஆளின் கண்ணால் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்தேன்.

அதிக நேரம் எடுத்தது பதவிப் பெயர். “நிலை 2” என்பது சம்பளப் படிநிலைக்கான குறியீடு. எங்கள் எச்.ஆர். பிரிவுக்கு அது பொருள் உள்ளது, வெளியாளுக்கு இல்லை. “செயல்பாடுகள்” என்பதற்குள் கிடங்கு முதல் வாகனம் வரை எல்லாம் அடங்கும். ஆனால் நானாகவே “ஏற்றுமதி ஆவணப் பொறுப்பாளர்” என்று போட்டுக்கொள்ளவும் கூடாது. நியமனக் கடிதத்தில் இல்லாத பதவியை எழுதினால், அதை நம்பி ஒருவர் என்னிடம் ஒப்புதல் கேட்பார். எனக்கு அந்த அதிகாரம் இருக்காது. கொஞ்சம் உயர்த்தி எழுதிக்கொள்வதில் உள்ள சிக்கல் இதுதான்: பெருமை பேசுவதாகத் தெரிவது ஒருபுறம் இருக்க, கையெழுத்திடும் அதிகாரம் பற்றித் தவறான எண்ணத்தை அது உண்டாக்கும்.

எச்.ஆர். பிரிவில் பேசினேன். அங்கிருந்தவர் முதலில் தயங்கினார். “எல்லாரும் இஷ்டத்துக்கு மாத்த ஆரம்பிச்சா என்ன பண்றது?” என்றார். பதவியை மாற்றவில்லை, படிநிலை எண்ணை எடுத்துவிட்டு, துறைப் பெயருக்குப் பதில் நான் பார்க்கும் வேலையைச் சேர்க்கிறேன் என்று விளக்கினேன். உதவி மேலாளர் என்ற சொல் அப்படியே இருக்கும் என்றதும் ஒப்புக்கொண்டார். “உதவி மேலாளர், ஏற்றுமதி ஆவணங்கள்” என்பது முடிவானது. பெயருக்குப் பின்னால் பட்டங்கள் எதுவும் போடவில்லை. மருத்துவர், பட்டயக் கணக்காளர் போன்றவர்களுக்குத் தகுதியே தொழில் உரிமம் என்பதால் அதை எழுதுவதில் பொருள் உண்டு. என் பட்டம் சரக்கு எடையைத் திருத்த உதவாது.

அடுத்து தொடர்பு விவரம். மூன்று எண்களில் ஒன்றை மட்டும் வைத்தேன், நான் எடுக்கும் எண்ணை. பல எண்கள் இருந்தால் அழைப்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, எது வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியாது. எண்ணை + குறியோடும் நாட்டுக் குறியீட்டோடும் எழுதினேன். உள்நாட்டில் அழைக்கும்போது முன்னால் சேர்க்கும் பூஜ்யத்தை விட்டுவிட்டேன். சிலர் அந்தப் பூஜ்யத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு நடுவில் வைப்பார்கள். கைபேசியில் எண்ணைத் தொட்டு அழைக்கும்போது அந்தப் பூஜ்யமும் சேர்ந்துகொண்டு அழைப்பு தவறிப் போகக்கூடும். இலக்கங்களுக்கு இடையே இடைவெளி விடலாம், படிக்க எளிது.

மின்னஞ்சல் முகவரியைக் கையொப்பத்தில் எழுதுவது வீண், மேலேயே இருக்கிறதே என்று பலர் சொல்வார்கள். நான் வைத்துக்கொண்டேன். ஃபார்வர்டு செய்யும்போது சில மென்பொருள்களில் அனுப்பியவரின் பெயர் மட்டும் நின்று முகவரி விழுந்துவிடுகிறது. அந்த முகவர் போன்றவர்களுக்கு அது தேவை. உங்கள் அஞ்சல்கள் வெளியே கைமாறாதவை என்றால் அந்த வரியை எடுத்துவிடலாம். ஃபேக்ஸ், சமூக வலைதளச் சின்னங்கள் இரண்டையும் யோசிக்காமல் நீக்கினேன்.

லோகோவை விட மனம் வரவில்லை, நல்ல வடிவம் அது. ஆனால் அஞ்சலுக்குள் பதிக்கும் படத்தைப் பல மென்பொருள்கள் இணைப்பாகக் காட்டுகின்றன. நான் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் அனுப்புகிறேன். பெறுபவர் இணைப்புகளைத் திறந்தால் அவற்றோடு `image001.png` என்று ஒன்றும் நிற்கிறது. இணைப்பே இல்லாத பதிலிலும் இணைப்புக் குறி தெரிகிறது. பழைய ஆவணத்தைத் தேடும் வாடிக்கையாளருக்கு அது தொல்லை. படத்தைப் பதிக்காமல் இணைய முகவரி வழியே காட்டினால், தெரியாத அனுப்புநரின் படங்களைத் தடுத்துவைக்கும் மென்பொருள்களில் வெறும் கட்டம்தான் தெரியும். போதாக்குறைக்கு எங்கள் லோகோ வெளிப்படையான பின்னணியில் கறுப்பு எழுத்து. கைபேசியை இருள் பயன்முறைக்கு மாற்றிப் பார்த்தேன், எழுத்து மறைந்துபோனது. நிறுவனப் பெயரை வெறும் எழுத்தாக வைத்தேன்.

பொன்மொழியை நீக்க அனுமதி எதுவும் கேட்கவில்லை. சரக்கு தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய அஞ்சலின் கீழே, வெற்றி உழைப்பவனைத் தேடி வரும் என்ற வரி நின்றது. அந்தப் பக்கம் இருப்பவர் நஷ்டத்தில் இருக்கிறார். கையொப்பம் எல்லா அஞ்சலுக்கும் ஒன்றே என்பதால், அதில் உள்ள வாசகம் மன்னிப்புக் கடிதத்துக்கும் இரங்கல் கடிதத்துக்கும் பொருந்த வேண்டும். எந்தப் பொன்மொழியும் அப்படிப் பொருந்தாது.

டிஸ்கிளைமரைத் தொடும் முன் சட்டப் பிரிவுச் சக ஊழியரிடம் கேட்டேன். இதை யாரும் தானாக எடுத்துவிடக் கூடாது. சட்டம், மருத்துவம், நிதி போன்ற துறைகளில் நிறுவன விதியோ ஒழுங்குமுறை அமைப்போ அதைக் கட்டாயமாக்கியிருக்கலாம். அவர் அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். “தவறாக வந்திருந்தால் படிக்காமல் அழித்துவிடவும்” என்ற பகுதி முதல் வகை. முழுதும் படித்து முடித்த பிறகே அந்த வரிக்கு ஒருவர் வருகிறார். தவிர, ஒரு தரப்பு தானாக அறிவிப்பதால் மட்டும் மறு தரப்புக்குக் கடமை வந்துவிடாது. “ரகசியம்னா அது ஒப்பந்தத்துல இருக்கணும், இல்லன்னா கோப்பைக் கடவுச்சொல் போட்டு அனுப்பணும். எல்லா அஞ்சல்லயும் ரகசியம்னு போட்டா, எது நிஜமாவே ரகசியம்னு யாருக்குத் தெரியும்?” என்றார்.

இரண்டாவது வகை நிறுவனத்தின் பதிவு விவரம். இது சில நாடுகளில் சட்டக் கட்டாயம். பிரிட்டனில் 2007 முதல், நிறுவனங்கள் தங்கள் பதிவுப் பெயர், பதிவு எண், பதிவான இடம், பதிவு அலுவலக முகவரி ஆகியவற்றை வணிக மின்னஞ்சலிலும் காட்ட வேண்டும். ஜெர்மனியிலும் அதே ஆண்டு முதல் இதைப் போன்ற விதி உண்டு. எங்களுக்கு எது பொருந்துமோ அதை ஒரே வரியாகச் சுருக்கினார். அதையும் என் கையொப்பத்தில் வைக்காமல், வெளியே போகும் அஞ்சலில் சர்வரே சேர்க்கும்படி ஐ.டி. பிரிவிடம் சொன்னார். அந்த வாசகம் அஞ்சலில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி சேர்க்காதே என்ற விலக்கையும் விதியில் எழுதச் சொன்னார். அந்த விலக்கு இல்லாவிட்டால் பத்து முறை பதில் போன தொடரின் அடியில் அதே வரி பத்து முறை நிற்கும்.

மிஞ்சியது இது:

```
பெயர்
உதவி மேலாளர், ஏற்றுமதி ஆவணங்கள்
நிறுவனத்தின் பெயர்
+நாட்டுக் குறியீடு, எண்
மின்னஞ்சல் முகவரி
```

1995-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டி, கையொப்பம் நான்கு வரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது. முகவரி வரியை எடுத்தால் அதற்குள் அடங்கிவிடும். என் வேலைக்கு ஐந்தாவது வரி தேவை என்பதால் விட்டுவைத்தேன்.

பொருத்தும்போது பழையதையே திருத்தாமல், வெற்றுப் பெட்டியில் புதிதாகத் தட்டச்சு செய்தேன். வேர்டிலிருந்து ஒட்டினால் மறைந்திருக்கும் வடிவமைப்பும் கூடவே வந்து, அஞ்சலின் எழுத்து ஒரு அளவிலும் கையொப்பம் வேறு அளவிலும் தெரியும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஜிமெயிலில் `Ctrl+Shift+V` அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். எழுத்துக்கு நிறம் எதுவும் கொடுக்காமல் விட்டால் இருள் பயன்முறையில் தானாக மாறிக்கொள்ளும்.

பதில் அஞ்சலுக்குத் தனியாக ஒன்று செய்தேன்: பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும். ஜிமெயிலில் `Signature defaults` என்ற பகுதியில் புதிய அஞ்சலுக்கு ஒன்றும், பதிலுக்கும் ஃபார்வர்டுக்கும் வேறொன்றும் தேர்ந்தெடுக்கலாம். அவுட்லுக்கிலும் `New messages`, `Replies/forwards` என்று இரண்டு தேர்வுகள் உண்டு. தொடரில் முதல் அஞ்சல் முழு விவரத்தோடு இருப்பதால் இந்தச் சுருக்கம் போதும். புதியவர் ஒருவர் நடுவில் தொடரில் சேரும்போது மட்டும் முழுக் கையொப்பத்தைக் கையால் மாற்றிப் போடுகிறேன்.

சோதிக்க, வேறொரு சேவையில் உள்ள என் சொந்த முகவரிக்கு அனுப்பி, அங்கிருந்து ஃபார்வர்டு செய்து கைபேசியில் திறந்தேன். எண்ணைத் தொட்டால் அழைப்புத் திரை சரியாக வந்தது. வரிகள் உடையவில்லை. கைபேசிச் செயலிக்கு மட்டும் தனி அமைப்பு இருப்பது அப்போது தெரிந்தது: கணினியில் மாற்றியது அங்கே வரவில்லை, `Sent from my iPhone` என்ற ஆயத்த வரியே நின்றது. அதை அழித்து, பதிலுக்கான இரண்டு வரியை அங்கும் போட்டுவைத்தேன்.