பல்லில் கடித்துப் பார்த்த காபிக்கொட்டை

ஏற்காட்டுச் சிறு காபித் தோட்டக்காரர்களுக்கு, கொட்டை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று காட்டும் ஈரப்பத மீட்டர் விற்பது என் வேலை. அறுவடைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேரை ஒரே இடத்தில் கூட்டிப் பேசுவேன். ஆரம்பத்தில் மீட்டரின் விவரங்களைத்தான் சொன்னேன். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை.

அப்புறம் ஒரு கூட்டத்தில் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஒரு மார்கழியில் எங்கள் காபி மூட்டைக்குள்ளேயே பூசணம் பிடித்தது, வியாபாரி விலையைக் குறைத்தார், அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. எல்லோரும் உன்னிப்பாகக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து போன் செய்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "உங்க அப்பா கதை மனசுலயே நிக்குது தம்பி. ஆமா, நீங்க விக்க வந்தது என்ன?"

அந்தக் கேள்வி என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. கதை நின்றுவிட்டது, மீட்டர் நிற்கவில்லை. நான் அப்பாவின் வருத்தத்தை நடுவில் வைத்திருந்தேன். அவர் எந்த நொடியில் தவறினார் என்பதைச் சொல்லவே இல்லை.

அந்த நொடி எனக்கு நன்றாகத் தெரியும். பனி விலகி வெயில் அடித்த ஒரு மதியம், களத்தில் காய்ந்துகொண்டிருந்த பார்ச்மென்ட், அதாவது பழத்தின் சதையை நீக்கி மேல் தோலோடு காயவைக்கும் கொட்டை, அதில் ஒன்றை எடுத்து, தோலை உரித்து, கொட்டையைப் பல்லில் கடித்தார். பல் பதியவில்லை. "காஞ்சிருச்சு, கட்டு" என்றார். வெயிலில் வெளிப்பக்கம்தான் முதலில் காயும். உள்ளே தங்கிய ஈரம் மூட்டைக்குள் மெல்ல வெளியே பரவியது. ஈரப்பதம் சுமார் 10, 11 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டியது, இறங்கவே இல்லை. அவருடைய பல்லுக்கு அது தெரிய வழியில்லை.

இப்போது கதையை அந்தக் கடியில் நிறுத்திவிடுகிறேன். மேஜையில் இரண்டு தட்டு வைப்பேன், ஒன்றில் நன்றாகக் காய்ந்தது, மற்றதில் மதிய வெயிலில் மேலாக மட்டும் காய்ந்தது. "கடிச்சுப் பாருங்க அண்ணா, எதைக் கட்டலாம்?" பெரும்பாலும் கருத்து இரண்டாகப் பிரியும். அதற்குப் பிறகுதான் மீட்டர் வெளியே வரும். தட்டுக்கு மூன்று தடவை அளந்து சராசரி சொல்வேன். மீட்டரில் பார்ச்மென்ட்டுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பழத்தை முழுசாகவே காயவைக்கும் செர்ரிக்கான அமைப்பில் வைத்து அளந்தால் எண் தப்பாக வரும், கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் நம்பிக்கை போய்விடும்.

வியாபாரி, விலை, அப்பாவின் பட்டினி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எடுக்கும்போது மனசு கஷ்டப்பட்டது. இப்போது கதை ஒன்றரை நிமிடம்தான். போன வாரம் ஒருவர் போனில் கேட்டார்: "பல்லுக்குப் பதிலா வைக்கிறது, அந்த மீட்டர் என்ன விலை தம்பி?"