பாயர்ன் எங்கே ஆடியது?

2020 மே 27 இரவு நான் செய்த ஒரு மாற்றம் இப்போதும் எங்கள் அலுவலகத்தில் கேலிக்குரியதாக இருக்கிறது. விளையாட்டுக் கணிப்புகளைத் தயாரித்து விற்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மாதங்களாகக் கணிக்க ஆட்டமே இல்லை. மே 16 அன்று ஜெர்மனியின் கால்பந்துத் தொடரான புண்டெஸ்லிகா ஆளில்லாத மைதானங்களில் மீண்டும் தொடங்கியபோது, பட்டினி கிடந்தவன் இலையைப் பார்த்தது போல அந்தத் தரவின் மேல் விழுந்தேன்.

முதல் சுற்றின் ஒன்பது ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் வென்றது டோர்ட்முண்ட் மட்டும். அடுத்த சுற்றில் இரண்டு அணிகள், மூன்றாவது சுற்றிலும் இரண்டு. ஆக மொத்தம் 27 ஆட்டங்களில் சொந்த அணிக்கு 5 வெற்றி, 10 சமநிலை, 12 தோல்வி. கோல்கள் 35க்கு 49. சாதாரண நாட்களில் இது தலைகீழாக இருக்கும். ரசிகர்கள் இல்லையென்றால் சொந்த மண்ணின் சாதகமும் இல்லை என்று முடிவுகட்டி, எங்கள் கணிப்பு மாதிரியில் அந்தச் சாதகத்துக்கான எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுத் தூங்கப் போனேன்.

அந்த எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எலோ வகை மதிப்பீட்டில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு புள்ளி உண்டு. சொந்த அணியிடம் எதிர்பார்க்கும் பலன் இப்படி வரும்:

```
E = 1 / (1 + 10^(-(Rh - Ra + H)/400))
```

Rh சொந்த அணியின் புள்ளி, Ra வெளி அணியின் புள்ளி, H சொந்த மண்ணுக்கான கூடுதல். இரண்டு அணிகளும் சம பலம் என்றால், H பூஜ்ஜியமாக இருக்கும்போது E 0.50, H 65 ஆக இருக்கும்போது 0.59. சமநிலையை அரை வெற்றியாகக் கணக்கிடுகிறோம். கால்பந்துக்கு எங்கள் மாதிரியில் 65 வைத்திருந்தோம். கோலில் சொன்னால் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 0.35.

மறுநாள் காலை எங்கள் குழுத் தலைவி தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இந்த 27 ஆட்டங்களில் பாயர்ன் எங்கே ஆடியது?"

பார்த்தேன். பட்டியலின் உச்சியில் இருந்த பாயர்ன் முதல் சுற்றில் பெர்லினில், அடுத்ததில் மியூனிக்கில், மூன்றாவதில் டோர்ட்முண்டில். இரண்டு ஆட்டங்கள் வெளியூரில். லெவர்குசன்? அதுவும் இரண்டு வெளியூரில். கிளாட்பாக், வொல்ஃப்ஸ்பர்க்? அவையும் அப்படியே. பட்டியலின் மேற்பாதியில் இருந்த இந்த நான்கு அணிகளும் வெளியூரில் ஆடிய எட்டு ஆட்டங்களில் ஏழை வென்றிருந்தன. வெளி அணிகளின் 12 வெற்றிகளில் ஏழு இவற்றுடையவை. மறுபக்கம், கடைசி மூன்று இடங்களில் இருந்த பிரேமனும் டுசல்டார்ஃபும் அந்த மூன்று சுற்றுகளில் இரண்டு முறை சொந்த மைதானத்தில் ஆடியிருந்தன. காலி இருக்கைகளின் விளைவு என்று நான் நினைத்ததில் ஒரு பகுதி, யார் எங்கே ஆடினார்கள் என்ற ஆட்ட அட்டவணையின் விளைவு. பாயர்ன் எங்கே ஆடினாலும் பாயர்ன்தான்.

முழுப் பருவத்தை எடுத்தால் இந்தச் சிக்கல் எழாது. ஒவ்வொரு ஜோடியும் இரண்டு மைதானங்களிலும் ஒருமுறை மோதுவதால் பலம் தானாகக் கழிந்துவிடும். பருவத்தின் ஒரு துண்டை வெட்டி எடுக்கும்போது அந்தச் சமன் உடைகிறது. அதனால் வெற்றி சதவீதத்தை எண்ணக்கூடாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் அணிகளின் பலத்தை வைத்து எதிர்பார்த்த கோல் வித்தியாசத்துக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை எடுத்து, அந்த இடைவெளிகளின் சராசரியைப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ஆர்வக்கோளாறு.

இரண்டாவது பிழை, 27 என்ற எண்ணிக்கையை நம்பியது. அட்டவணையை மறந்துவிட்டு நேரடியாகவே கணக்கிடுவோம். சராசரி கோல் வித்தியாசம் சொந்த அணிக்கு −0.52. அந்த 27 வித்தியாசங்களும் 4-0இலிருந்து 0-5 வரை சிதறிக் கிடக்கின்றன; திட்ட விலக்கம் 2.1க்கு மேல். அதை 27இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை, அதாவது அந்தச் சராசரி எவ்வளவு தவறக்கூடும் என்பது, 0.41. இருபுறமும் அதில் இரண்டு மடங்கு விட்டுப் பார்த்தால், உண்மை −1.34க்கும் +0.30க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். வழக்கமான 0.35 அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது, எட்டாத தூரத்தில் இல்லை.

தலைவி செய்யச் சொன்னது பழைய நம்பிக்கையையும் புதிய தரவையும் எடைபோட்டுக் கலப்பது. ரசிகர் இல்லாத ஆட்டத்திலும் சாதகம் 0.35க்கு அருகில் இருக்கும், ஆனால் 0.15 அளவுக்கு விலகலாம் என்று தொடங்குவோம். தரவுக்குக் கிடைக்கும் எடை 0.15இன் வர்க்கம் வகுத்தல், அதனுடன் 0.41இன் வர்க்கத்தைக் கூட்டிய தொகை, அதாவது 0.12. பழைய 0.35க்கும் புதிய −0.52க்கும் இடையிலுள்ள தூரத்தில் 12 சதவீதம் நகர்ந்தால் 0.25 வருகிறது. அட்டவணைத் திருத்தத்தையும் சேர்த்தால் இன்னும் குறைவாகவே நகரும். நான் பூஜ்ஜியம் என்று எழுதிய இடத்தில் நியாயமான விடை, முன்பிருந்ததில் முக்கால் பங்கு.

0.15 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அது எங்கள் தீர்ப்பு. 0.30 என்று வைத்திருந்தால் விடை 0.05க்கு அருகில் வந்திருக்கும். அதனால்தான் அதைத் தரவைப் பார்ப்பதற்கு முன் எழுதிவைக்க வேண்டும் என்று எங்களிடம் இப்போது ஒரு விதி இருக்கிறது. அந்தப் பருவம் முடிந்தபோது புண்டெஸ்லிகாவின் ஆளில்லா ஆட்டங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கைச் சொந்த அணிகள் வென்றிருந்தன. அதற்கு முன் அது 43 சதவீதம். குறைவு உண்மைதான், முதல் மூன்று சுற்றுகள் காட்டிய பேரழிவு உண்மையல்ல.

எது குறைந்தது என்பது அதைவிடச் சுவையானது. கூச்சல் வீரர்களின் காலுக்கு வலு தருகிறது என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் கால்பந்தில் கூச்சல் அதிகம் எட்டுவது நடுவரின் காதுக்கு. 2007இல் கதானியாவில் கலவரத்தில் ஒரு காவலர் இறந்த பிறகு, பாதுகாப்பு வசதி போதாத இத்தாலிய மைதானங்கள் பார்வையாளருக்கு மூடப்பட்டன. அந்த ஆட்டங்களை ஆராய்ந்த சுவீடன் பொருளியலாளர்கள் கண்டது, கூட்டம் இருக்கும்போது நடுவர்கள் சொந்த அணியிடம் காட்டும் சலுகை மூடிய மைதானத்தில் குறைகிறது என்பதை. 2020லும் வெளி அணிகள் வாங்கிய மஞ்சள் அட்டைகள் குறைந்தன.

அப்படியானால் கால்பந்துக்கு வெளியே காலி மைதானம் என்ன செய்யும்? அமெரிக்க பேஸ்பால் 2020இல் ரசிகர்கள் இல்லாமலேயே வழக்கமான பருவத்தை முடித்தது. சொந்த அணிகள் வழக்கம் போலப் பாதிக்குச் சற்று மேலேயே வென்றன. அங்கே சாதகத்துக்கு வேறு வேர்கள் இருக்கின்றன. கடைசியாக மட்டை பிடிப்பது சொந்த அணி. சுவர்களின் தூரமும் மைதானத்தின் வடிவமும் ஊருக்கு ஊர் வேறு. அதே ஆண்டு என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்துத் தொடரில் சொந்த அணிகள் 127 வெற்றி, 128 தோல்வி, 1 சமநிலை. காலி இருக்கைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் அதற்கு முந்தைய 2019 பருவத்தில், அரங்கம் நிறைந்திருந்தபோதே, கணக்கு 132க்கு 123தான். ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த எண்ணை முழுவதுமாக நோய்த்தொற்றின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

ஆக H என்பது ஒரே பொருள் அல்ல. கூட்டம், பயணம், பழகிய தரை, விதி எல்லாம் சேர்ந்த பொட்டலம். காலி மைதானத்தில் கூட்டம் மட்டும் போகிறது. நடுநிலை மைதானத்தில் பழக்கமும் பயண வித்தியாசமும் போகின்றன, கூட்டம் சில சமயம் இருந்துவிடுகிறது. எங்கள் தரவில் இரண்டுக்கும் சேர்த்து `neutral` என்று ஒரே ஒரு பத்திதான் இருந்தது, அதில் இல்லை என்றால் 0, ஆம் என்றால் 1.

அந்தப் பத்தி எப்படி ஏமாற்றும் என்பதை 2021 பிப்ரவரியில் பார்த்தோம். சாம்பியன்ஸ் லீக்கில் லைப்ஸிக் அணி லிவர்பூலை வரவேற்க வேண்டும். ஜெர்மனியின் பயணக் கட்டுப்பாட்டால் ஆட்டம் புடாபெஸ்டுக்குப் போனது. எங்களுக்குத் தரவு தந்த கோப்பில் சொந்த அணி லைப்ஸிக், `neutral` 0. லிவர்பூல் 2-0 என்று வென்றது. மாதிரியோ லைப்ஸிக் தன் சொந்த மைதானத்திலேயே தோற்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு புள்ளியைக் கூடுதலாக வெட்டியது. ஓர் ஆட்டத்துக்கு 20 புள்ளி வரை நகர்த்தும் மாதிரியில், சம பலம் கொண்ட அணிக்கு H 65ஐத் தவறாகச் சேர்த்தால் இழப்பு 0.09 பெருக்கல் 20, ஏறக்குறைய இரண்டு புள்ளி. சிறிதுதான். இரண்டாவது ஆட்டமும் மார்ச்சில் அதே புடாபெஸ்டில் நடந்து, அங்கே லிவர்பூல் "சொந்த அணி"யாகப் பதிவானதால் பிழைகள் ஏறக்குறையக் கழிந்துவிட்டன. நாங்கள் அதைக் கண்டுபிடிக்கத் தாமதமானதற்கும் அதுவே காரணம். இப்போது மைதானத்தின் ஊரைச் சொந்த அணியின் ஊருடன் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை ஒருவர் கண்ணால் பார்க்கிறார். அலுப்பான வேலை, திங்கட்கிழமைகளில் என் தலையில் விழுகிறது.

2018 ஐபிஎல் தரவையும் இந்தச் சோதனைதான் திருத்தியது. காவிரிப் போராட்டத்தால் சென்னை அணி சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு, மற்ற சொந்த ஆட்டங்களைப் புணேயில் ஆடியது. சேப்பாக்கத்தின் மெதுவான ஆடுகளத்துக்காகக் கட்டிய அணிக்குப் புணே எவ்வளவு சொந்தம்? மஞ்சள் சட்டைக் கூட்டத்துக்கு ரயில் விட்டு அழைத்துப்போன அளவுக்குச் சொந்தம் என்று அலுவலகத்தில் ஒருவர் வாதிட்டார். கூட்டத்தின் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஆடுகளத்தின் பங்கை எடுத்துவிட்டோம். கோப்பை என்னவோ சென்னைக்குத்தான் வந்தது, ஆனால் ஒரு கோப்பையை வைத்து எதையும் அளக்க முடியாது.

இன்று அந்தப் பத்தி நான்காகப் பிரிந்திருக்கிறது: பார்வையாளர், பயணம், மைதானப் பழக்கம், ஆட்ட விதி. ஒவ்வொன்றுக்கும் விளையாட்டுக்கு ஏற்ற எடை. 2025 சாம்பியன்ஸ் டிராஃபிதான் இதைக் கடைசியாகத் திணறடித்தது. பிப்ரவரி 23 அன்று துபாயில் நடந்த இந்தியா-பாகிஸ்தான் ஆட்டத்தில் கோப்பின்படி சொந்த அணி பாகிஸ்தான். போட்டியை நடத்திய நாடு அதுதான். இந்தியா ஐந்து ஆட்டங்களையும் ஒரே மைதானத்தில் ஆடியது, விமானம் ஏறவில்லை. தென்னாப்பிரிக்கா அரையிறுதி எங்கே என்று தெரியாமல் துபாய் வந்து, மறுபடி லாகூருக்குத் திரும்பியது. பயணப் பத்தியிலும் பழக்கப் பத்தியிலும் இந்தியாவுக்கு மதிப்பு இட்டேன், பார்வையாளர் பத்தியிலும் இட்டேன். சொந்த அணி என்ற பத்தியை மாற்ற எனக்கு அனுமதி இல்லை. அதில் இன்னும் பாகிஸ்தான் என்றே இருக்கிறது.